ஹாலைப் புதுப்பிச்சு வாடகைக்கு விட்டா கட்டுபடியாகுமா? பொதுக்குழுவுல பொருளாளர் பேச வேண்டியது - முழுமையான வழிகாட்டி

கோத்தகிரி பக்கத்துல ஒரு ஊர்ல எங்க குடியிருப்போர் சங்கத்துக்கு நான் பொருளாளர். சங்கத்துக்குன்னு ஒரு ஹால் இருக்கு, தகர ஷீட் கூரை, சிவப்பு சிமெண்ட் தரை, பின்னாடி சின்ன சமையல்கட்டு. இதைப் புதுப்பிச்சு வெளியாளுங்களுக்குக் கல்யாணம் காதுகுத்துன்னு வாடகைக்கு விட்டா சங்கத்துக்கு வருமானம் வரும்னு ரெண்டு வருஷமா பேச்சு. போன பொதுக்குழுவுல நான் நாப்பது நிமிஷம் கணக்கு படிச்சேன், நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து எல்லார் கைலயும் கொடுத்தேன், முடிச்சப்போ ஒருத்தரும் கேள்வி கேக்கல, "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்"னு எழுந்து போயிட்டாங்க. இந்த வருஷம் அதே கணக்கை வேற மாதிரி தயார் பண்ணி பன்னெண்டு நிமிஷத்துல பேசினேன், சபை முடிவெடுத்துச்சு. என்ன மாத்தினேன்னு வரிசையா எழுதுறேன், உங்க சங்கத்துலயும் இதே பேச்சு ஓடிட்டு இருந்தா உபயோகப்படும்.

முதல்ல, புதுசா வர்ற நாளை மட்டும் எண்ணுங்க

எல்லா சங்கத்துலயும் நடக்குற தப்பு இதுதான். எங்க செயலாளர் அண்ணன் சொன்ன கணக்கு: "புதுப்பிச்சா வாடகை 18,000, வருஷத்துக்கு 60 நாள் போகும், 10,80,000 வரும், போட்ட காசு ரெண்டே வருஷத்துல வந்துரும்." கேக்க நல்லா இருக்கும். ஆனா அந்த 60 நாள்ல ஏற்கனவே நமக்கு வந்துட்டு இருக்குற நாளும் சேர்ந்திருக்கு, அதுல செலவும் கழிக்கல. ஹாலை அப்படியே விட்டாலும் வரப்போற காசைப் புதுப்பிச்சதால வந்த காசுன்னு சொல்லக்கூடாது.

அதனால முதல் வேலை புக்கிங் நோட்டை எடுத்து உக்காரணும். குறைஞ்சது மூணு வருஷம் பாருங்க, ஒரு வருஷத்தை நம்பாதீங்க. எங்க நோட்டுல சராசரியா வருஷத்துக்கு 34 நாள் ஹால் போயிருக்கு. அதுல 20 நாள் உறுப்பினர் வீட்டு விசேஷம், வாடகை 4,000. மீதி 14 நாள் வெளியாளு, வாடகை 9,000. கூட்டுறது, கரண்ட், தண்ணி, வாட்ச்மேன், குப்பை அள்ளுறது எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 3,000 செலவாகுது, அப்போ உறுப்பினர் நாள்ல கைல நிக்கிறது ஆயிரம், வெளியாளு நாள்ல ஆறாயிரம். வெளியாளு மூலமா வருஷத்துக்கு 84,000. இந்த 84,000-ஐ ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி திரும்ப வரும்.

இதுல ஒண்ணு கவனிச்சீங்களா, உறுப்பினர் நாளைக் கணக்குல இருந்து எடுத்துரலாம். டைல்ஸ் போட்டுட்டோம்ங்கிறதுக்காக நம்ம வீட்டுல கூடுதலா ஒரு கல்யாணம் நடக்கப்போறதில்ல, அதே 20 நாள்தான். புது ஹால்ல நாள் செலவு 5,000 ஆகும், உறுப்பினர் வாடகையை 6,000 ஆக்கினாலும் கைல நிக்கிறது அதே ஆயிரம்தான். ஆக முழுச் சுமையும் வெளியாளு நாள் மேலதான்.

கொட்டேஷன்ல இல்லாத செலவு

எங்களுக்கு வந்த கொட்டேஷன் 19 லட்சம்: கூரை மாத்தி ஃபால்ஸ் சீலிங், தரைக்கு டைல்ஸ், நாலு டாய்லெட், சமையல்கட்டும் சாப்பாட்டு ஷெட்டும், வயரிங்கும் ஜெனரேட்டரும். கொட்டேஷன் வந்ததும் கேக்க வேண்டிய முதல் கேள்வி ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலான்னு. கான்ட்ராக்ட் வேலைக்கு 18 சதவீதம், ஜிஎஸ்டி பதிவு இல்லாத சங்கத்தால அதைத் திரும்ப எடுக்க முடியாது, முழுசா நம்ம தலைலதான். எங்களுது சேர்த்தது, தப்பிச்சோம்.

அடுத்தது சுமைகூலி. எங்க ஹாலுக்கு லாரி வராது, மேல ரோட்டுலயே நின்னுரும், அங்க இருந்து சிமெண்ட் மூட்டையும் டைல்ஸ் பெட்டியும் தலைச்சுமையா படி இறங்கித்தான் வரணும். கீழ மேட்டுப்பாளையத்துல இருந்து வந்து ரேட் போடுறவங்களுக்கு இது தெரியாது, வேலை ஆரம்பிச்ச பிறகுதான் "எக்ஸ்ட்ரா"னு வரும். அதோட பழைய ஷீட்டைக் கழட்டினா கீழ மரம் எந்த நிலைமைல இருக்குன்னு யாருக்கும் தெரியாது. மலைல நான் 15 சதவீதம் சேர்த்துத்தான் போடுவேன், அப்படி 22 லட்சம்.

22 லட்சமும் சும்மா வர்றதில்ல. எஃப்டில இருக்குற 14 லட்சத்தை உடைச்சா 7 சதவீத வட்டி, 98,000 போச்சு. மீதி 8 லட்சம் உறுப்பினர்கள் கிட்ட 8 சதவீதத்துக்குக் கடன், 64,000. மொத்தம் வருஷத்துக்கு 1,62,000. இந்த வட்டி இழப்பை சபைல சொல்லாத பொருளாளர்தான் அதிகம், "நம்ம காசுதானே"ம்பாங்க, நம்ம காசுதான், ஆனா அது இப்போ வருஷா வருஷம் சம்பாதிச்சுட்டு இருக்கு.

அப்புறம் பராமரிப்பு. புக்கிங் பாக்க பகுதிநேர ஆள், செப்டிக் டேங்க், ஜெனரேட்டர் சர்வீஸ், கூடுற கரண்ட் கட்டணம், நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிக்கவும் ஒழுகல் அடைக்கவும் ஒதுக்குற தொகை, எல்லாம் சேர்த்து 2,40,000. நம்ம ஊர் ஓதத்துக்கு சுவரு ரெண்டு மழைக்குள்ள பூஞ்சை பிடிக்கும், அதனால பெயிண்ட் ஒதுக்கீட்டைக் குறைச்சுப் போட்டுடாதீங்க.

எத்தனை லட்சம்னு கேக்காதீங்க, எத்தனை நாள்னு கேளுங்க

இந்த ஒரு மாத்தம்தான் எனக்கு சபையைத் திறந்து விட்டுச்சு. "22 லட்சம் முதலீடு, இவ்வளவு சதவீத லாபம்"னா நம்ம ஜனங்க தலையாட்டுவாங்க, ஆனா அது சரியா தப்பான்னு சொல்ல அவங்க கிட்ட ஒண்ணும் இருக்காது. "வருஷத்துக்கு இத்தனை நாள் வெளியாளு வரணும், வருவாங்களா?"ன்னு கேட்டா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்குற அக்காவுல இருந்து வேன் ஓட்டுற தம்பி வரைக்கும் பதில் சொல்லுவாங்க, ஏன்னா எந்த ஹால்ல எப்போ கல்யாணம்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

கணக்கு இப்படி. புது வாடகை 18,000, நாள் செலவு 5,000, வெளியாளு ஒரு நாள் வந்தா கைல 13,000. வருஷத்துக்குப் புதுசா சுமக்க வேண்டியது பராமரிப்பு 2,40,000, வட்டி 1,62,000. அதோட இப்போ சும்மாவே வந்துட்டு இருக்குற 84,000-ஐயும் சம்பாதிச்சாதான் பழைய நிலைமைக்கு வருவோம். மூணையும் கூட்டினா 4,86,000. பதிமூணாயிரத்தால வகுத்தா 37.4, அதாவது 38 நாள். இப்போ வர்றது 14. 38 நாள் வந்தா லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல, அங்கதான் நிப்போம். போட்ட 22 லட்சமும் பத்து வருஷத்துல திரும்பி வரணும்னா வருஷத்துக்கு இன்னும் 2,20,000 வேணும், அப்போ 55 நாள். கடன் அடைய அடைய வட்டி குறையும், நான் அதைக் குறைக்காம விட்டிருக்கேன், அதனால 55-ங்கிறது கொஞ்சம் கறாரான எண்ணிக்கை. ஆனாலும் 50-க்குக் கீழ வராது.

அத்தனை நாள் வருமா? தினசரி காலண்டரும் ஒரு நோட்டும்

காலண்டரைக் கிழிச்சு மேசைல வைங்க. முகூர்த்த நாளை எல்லாம் வட்டம் போடுங்க. ஆடியும் மார்கழியும் கல்யாணம் கிடையாது, புரட்டாசில நிறைய பேர் வைக்க மாட்டாங்க. ஐப்பசி கார்த்திகைல முகூர்த்தம் இருக்கும், ஆனா நம்ம கோத்தகிரி குன்னூர் சரிவுக்கு வடகிழக்கு மழைதான் கனமழை, 2009 நவம்பர் மண்சரிவை யாரும் மறக்கல, கீழ இருந்து சொந்தக்காரங்க வர்ற கல்யாணத்தை அந்த மாசம் இங்க வைக்க யோசிப்பாங்க. சித்திரை வைகாசி சீசன், ரூம் வாடகை ஏறிக்கிடக்கும், 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிப் பக்கம் வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேற. அப்போ நமக்கு உண்மையான ஆளு யாருன்னா சுத்துப்பட்டு ஊர்க்காரங்கதான். கூடலூர் பக்கத்துல இருக்குறவங்க இதை அப்படியே திருப்பிப் போட்டுக்கங்க, அங்க தென்மேற்கு மழைதான் ஆட்டம் காட்டும்.

காலண்டர் உச்ச வரம்பைத்தான் சொல்லும். உண்மையைச் சொன்னது ஒரு நாப்பது பக்க நோட்டு. தை பொறந்ததுல இருந்து ஆனி முடியுற வரைக்கும் ஆறு மாசம், ஹாலைப் பாக்க வந்துட்டு எடுக்காமப் போன ஒவ்வொருத்தரையும் போன்ல கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டேன், ஏன் வேண்டாம்னு விட்டீங்கன்னு. 23 பேர். 11 பேர் டாய்லெட், 6 பேர் சமையல்கட்டும் சாப்பிடுற இடமும், 4 பேர் வண்டி நிறுத்த இடம், 2 பேர் வாடகை. தரையைப் பத்தி ஒருத்தர் கூட சொல்லல. ஜெனரேட்டரைப் பத்தியும் சொல்லல.

அந்த 11-ல ஒருத்தர் வந்தப்போ நானே சாவி எடுத்துட்டுப் போயிருந்தேன். பொண்ணோட அம்மா, மண்டபத்தை நல்லா சுத்திப் பாத்தாங்க, மேடை அகலம் போதும்னு கூட சொன்னாங்க, பின்னாடி போய் டாய்லெட் கதவைத் திறந்தாங்க. ஓதத்துல உப்பிப்போன கதவு, தூக்கித் தள்ளினாத்தான் நகரும், உள்ள தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்துல ஒரு சணல் கயிறு. அவங்க ஒண்ணுமே சொல்லல, கதவை மெதுவா சாத்திட்டு, "வீட்டுல கலந்துட்டுச் சொல்றேன் தம்பி"ன்னு கிளம்பிட்டாங்க. நம்ம 22 லட்சத் திட்டத்துல பெரிய தொகை கூரைக்குப் போகுது, அவங்க திரும்பிப் போனதோ அந்தக் கதவுனால.

வண்டி நிறுத்தக் காரணம் சொன்ன 4 பேரை விட்டுருங்க, ஹாலுக்குள்ள எவ்வளவு செலவு பண்ணினாலும் அவங்க வர மாட்டாங்க. பக்கத்து மேட்டை வெட்டி இடம் பண்ணலாம்னு யாராவது சொல்லுவாங்க, இந்த மாவட்டத்துல மண் வெட்டவும் ஜேசிபி இறக்கவும் மாவட்ட நிர்வாகத்தோட அனுமதி வேணும், அப்புறம் தடுப்புச் சுவர், அது தனிக் கணக்கு. வாடகையைக் காரணம் சொன்ன 2 பேரையும் விட்டுருங்க. மீதி 17 பேர் சரி பண்ணினா வரக்கூடியவங்க. இதை ரெண்டால பெருக்கி வருஷத்துக்கு 34-ன்னு சொல்லிடாதீங்க. நான் எழுதின ஆறு மாசமும் கல்யாண மாசம், அடுத்த ஆறு மாசத்துல ஆடி, புரட்டாசி, மழை, மார்கழி எல்லாம் இருக்கு. அதனால பாதி, 8. மொத்தம் 25. பாக்க வந்தவங்க எல்லாம் எடுக்குறதில்ல, பாதின்னு வச்சேன், 12. பழைய 14-ஐ சேர்த்தா 26 நாள். சரிபாக்க சுத்துவட்டத்துல நல்லா இருக்குற ரெண்டு ஹால் மேனேஜர்கள் கிட்ட அவங்க டைரியைக் காட்டச் சொன்னேன், ஒண்ணுல 31, இன்னொண்ணுல 44, அந்த 44 பஸ் திரும்புற அளவுக்கு முன்வாசல் உள்ளது. ஆக எங்களுக்கு 26 நம்பலாம், 31 கனவு இல்ல, 38 கஷ்டம், 55 நடக்காது.

சின்னத் திட்டத்தையும் கையோட கொண்டு போங்க

"வேண்டாம்"னு மட்டும் சொன்னா சபை பொருளாளரைத்தான் தடையா பாக்கும். நோட்டு சொன்ன வேலையை மட்டும் எடுத்தேன்: டாய்லெட் 2,90,000, சமையல்கட்டும் ஷெட்டும் 4,10,000, கூரையை மாத்தாம ஒழுகல் மட்டும் அடைக்க 1,50,000. மேல 15 சதவீதம் சேர்த்து 9,80,000. கடன் வேண்டாம், எஃப்டியே போதும், வட்டி இழப்பு 69,000. கூடுதல் பராமரிப்பு ஒரு லட்சம். வெளியாளு வாடகை 14,000, நாள் செலவு 4,500, கைல 9,500. அதே மாதிரி 84,000-ஐயும் சேர்த்து வகுத்தா 27 நாள்ல சமமா நிப்போம். பத்து வருஷத்துல போட்டது திரும்ப 37 நாள் வேணும்.

நம்ம மதிப்பீடு 26. விளிம்புலதான் இருக்கு, இதை மறைக்கக்கூடாது. சின்னத் திட்டம் கூட பெரிய லாபம் தராது, ஆனா சங்கத்தை மூழ்கடிக்கவும் செய்யாது, மிச்சமா நம்ம 20 விசேஷத்துக்கும் நல்ல டாய்லெட் கிடைக்கும்.

பேச்சு

போர்டுல மூணு எண் மட்டும் பெருசா எழுதி வச்சேன்: 14, 27, 38. பேசினதை ஏறக்குறைய அப்படியே தர்றேன்:

"தலைவர் ஐயா, பெரியவங்க, அக்காமாரு, தம்பிமாரு எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஹால் வெளியாளுங்களுக்கு வருஷத்துக்குச் சராசரியா 14 நாள் போகுது. முழுசா புதுப்பிச்சா 22 லட்சம். அதுக்கு அப்புறம் 38 நாள் போனாத்தான் இப்ப இருக்குற நிலைமைல நிப்போம், அதுக்குக் கீழ எத்தனை நாள் குறையுதோ அத்தனை பதிமூணாயிரம் சங்கத்துக் கைல இருந்து போகும். டாய்லெட்டு, சமையல்கட்டு, ஒழுகல் மட்டும் பாத்தா 10 லட்சத்துக்குள்ள முடியும், 27 நாள் போதும். பாக்க வந்துட்டுப் போன 23 பேர் கிட்டப் பேசினேன், இந்த நோட்டுல இருக்கு, யார் வேணும்னாலும் பாக்கலாம். என் கணக்குல 26 நாள் போகும். நான் தப்பா இருக்கலாம், உங்களுக்கு ஊர் தெரியும், நீங்க சொல்லுங்க."

அவ்வளவுதான், அதுக்கு மேல விளக்காம உக்காந்துருங்க. வட்டி, பராமரிப்பு, 15 சதவீதம் எல்லாம் கேள்வி வரும்போது எடுத்துக் கொடுங்க, தானா கேப்பாங்க.

எங்க சபைல முதல் கேள்வி ஒரு பெரியவர் கிட்ட இருந்து: "எங்கப்பா காலத்துல ஆளுக்கு ஒரு கல்லு சுமந்து கட்டின ஹால், இதுல லாப நஷ்டம் பாக்கலாமா?" இதுக்குக் கணக்குல பதில் சொல்லக் கூடாது. நான் சொன்னது: "ஐயா, நமக்காக செய்யுறதுன்னா லாபம் பாக்க வேண்டாம், நாளைக்கே செய்யலாம், எவ்வளவு செலவழிக்கலாம்னு மட்டும் முடிவு பண்ணுவோம். வாடகை வரும்னு நம்பி எஃப்டியை உடைக்கிறதுக்குத்தான் இந்தக் கணக்கு." அவர் ஒத்துக்கிட்டார், அந்த வித்தியாசம் சபைக்கும் தெளிவாச்சு. அடுத்து மகளிர் குழு அக்கா, உறுப்பினர் வாடகை ஏறுமான்னு. 4,000-ல இருந்து 5,500, செலவு கூடுறதுக்கு மட்டும்னு நேரா சொன்னேன். முணுமுணுப்பு வந்துச்சு, ஆனா பின்னாடி தெரிய வர்றதை விட அது மேல்.

மூணாவது, வரி. உறுப்பினர் கிட்ட வாங்குறதும் வெளியாளு கிட்ட வாங்குறதும் வருமான வரில ஒண்ணு இல்ல, நமக்குள்ளயே கொடுத்து வாங்குறதுக்கு இருக்குற விலக்கு வெளியாளு வாடகைக்கு வராது, அதனால ரசீது புக்கே ரெண்டா வைங்க. ஜிஎஸ்டி பதிவு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினாத்தான், எங்களுக்கு அந்தப் பேச்சே இல்ல. வெளியாளுக்கு வாடகைக்கு விட உங்க பைலா இடம் கொடுக்குதான்னு கூட்டத்துக்கு முன்னாடியே படிச்சுருங்க.

தீர்மானத்துல என்ன எழுதணும்

"ஹாலைப் புதுப்பிக்கத் தீர்மானிக்கப்பட்டது"ன்னு ஒரு வரில முடிச்சா அடுத்த மாசமே டைல்ஸ் உள்ள வந்துரும். நாங்க எழுதினது: மூணு வேலை மட்டும், உச்ச வரம்பு 9,80,000, அதைத் தாண்டினா மறுபடி சபை. கழிவறையும் சமையல்கட்டும் ஆடி மாசம், ஏன்னா கல்யாணம் இல்ல, எங்க பக்கம் தென்மேற்கு மழை தூறலாத்தான் இருக்கும், உள்வேலை நடக்கும். கூரை ஒழுகல் தைக்கு அப்புறம், முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்து. மழையில ரோடு அடைச்சு விசேஷம் நின்னா அட்வான்ஸைத் திருப்பித் தரணுமா வேற தேதி தரணுமான்னு இப்பவே முடிவு, நாங்க வேற தேதின்னு வச்சிருக்கோம். பிளாஸ்டிக் டம்ளரும் பாட்டிலும் இந்த மாவட்டத்துல தடை, அதை வாடகை ஒப்பந்தத்துலயே போட்டோம், எவர்சில்வர் டம்ளரைக் கழுவ கூடுதல் தண்ணி ஆகும்னு அந்த 4,500-லயே சேர்த்திருக்கேன்.

கடைசி வரி இது: வெளியாளு நாள் தொடர்ந்து ரெண்டு வருஷம் 35-ஐத் தொட்டா மட்டும் கூரையும் தரையும் மறுபடி சபைக்கு வரும். அந்த எண்ணிக்கையை மாசாமாசம் ஹால் வாசல் போர்டுல சாக்பீஸ்ல எழுதுறோம், வேலை முடிஞ்ச முதல் மாசம் ரெண்டு.